பதினேழாம் நாள் வந்த நடுக்கம்: பின்னதிர்வுகள் எப்படிக் குறைகின்றன?

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நேபாளத்தில் பகல் 11.56. கோர்க்கா மாவட்டத்தில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் இறந்தார்கள். காத்மாண்டுவில் வீடு இடிந்தவர்கள் மட்டுமல்ல, வீடு நின்றவர்களும்கூட உள்ளே போகப் பயந்து, துண்டிக்கேல் மைதானத்திலும் தெருவோரங்களிலும் தார்ப்பாய் கட்டித் தங்கினார்கள். முதல் சில நாட்கள் தரை ஓயவே இல்லை. அப்புறம் மெல்ல மெல்லக் குறைந்தது. இரண்டு வாரம் கழிந்ததும் கடைகள் திறந்தன, பலர் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். மே 12, பகல் 12.50க்கு மறுபடி ஒரு பெரிய நடுக்கம். அளவு 7.3. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அடங்கிவிட்டது என்று நினைத்தவர்கள் தப்பாக ஒன்றும் எண்ணிவிடவில்லை. அதிர்வுகளின் எண்ணிக்கை நிஜமாகவே குறைந்துதான் இருந்தது. ஆனால் எண்ணிக்கை குறைவது வேறு, பெரியது வராமல் இருப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பின்னதிர்வு பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் பின்னதிர்வு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பூமிக்குள் இரண்டு பாறைப் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு பூட்டிக் கிடக்கும் இடத்தைப் பிளவு என்கிறோம். நேபாளத்துக்கு அடியில் இந்தியத் தட்டு வடக்கே நுழைந்து போகும் பரப்பு அப்படிப்பட்டதுதான். ஏப்ரல் 25 அன்று அந்தப் பரப்பின் ஒரு பெரிய துண்டு, கோர்க்காவில் தொடங்கிக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஒரே மூச்சில் பல அடி நழுவியது. நழுவிய துண்டின் மேல் இருந்த சுமை இறங்கியது. ஆனால் அது காற்றில் கரைந்து போகாது. ஒரு பங்கு பக்கத்தில் இன்னும் நழுவாமல் இருக்கும் பகுதிகள் மேல் ஏறும்.

சாமி பல்லக்கைப் பலர் தூக்கிப் போகும்போது ஒருவர் சட்டென்று தோளை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அவர் தாங்கிய பாரம் மற்றவர்கள் தோளில் இறங்கும். ஏற்கெனவே களைத்திருந்தவர் உடனே தள்ளாடுவார். திடமானவர் இன்னும் ஒரு தெரு தாக்குப்பிடிப்பார். பிளவிலும் அதுதான் நடக்கிறது. உடையும் நிலைக்கு ஏற்கெனவே பக்கத்தில் இருந்த இடங்கள் சில நிமிடங்களில் நழுவும். கொஞ்சம் தெம்புள்ள இடங்கள் நாள் கணக்கில் தாங்கும், சில இடங்கள் வருடக்கணக்கில். இப்படித் தாமதமாக விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு பின்னதிர்வு. மே 12 நடுக்கம் வந்த இடத்தைப் பாருங்கள். காத்மாண்டுவுக்குக் கிழக்கே, டோலாகா பக்கம், அதாவது ஏப்ரலில் நழுவிய துண்டின் கிழக்கு ஓரத்தில். பாரம் போய்ச் சேர்ந்த இடம் அது.

ஒமோரி எண்ணிய கணக்கு

இப்படித் தாமதமாக வரும் அதிர்வுகள் எந்த வேகத்தில் குறைகின்றன என்பதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஃபுசாகிச்சி ஒமோரி. 1891 அக்டோபர் 28 காலை, நடு ஜப்பானில் மினோ, ஓவாரி பகுதிகளை அளவு 8ஐ ஒட்டிய நடுக்கம் உலுக்கியது. நோபி நிலநடுக்கம் என்று அதைச் சொல்வார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒமோரிக்கு அப்போது வயது 22. கீபூ நகரத்து வானிலை நிலையத்தில் ஒவ்வோர் அதிர்வையும் குறித்துவைத்திருந்தார்கள். அந்தப் பதிவுகளை எடுத்து, ஒரு நாளில் எத்தனை என்று எண்ணி, நாளாக ஆக எண்ணிக்கை எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். 1894இல் அவர் வெளியிட்ட சூத்திரம் இவ்வளவுதான்:

```
n(t) = K / (t + c)
```

`t` என்பது பெரிய நடுக்கத்துக்குப் பிறகு கழிந்த நாட்கள். `n(t)` அந்தச் சமயத்தில் ஒரு நாளைக்கு வரும் பின்னதிர்வுகள். `K` அந்த நடுக்கத்துக்கே உரிய எண்: பெரிய நடுக்கமானால் `K` பெரிது. `c` மிகச் சிறியது, பெரும்பாலும் ஒரு நாளுக்கும் குறைவு. அதன் கதையைப் பின்னால் சொல்கிறேன். பின்னாளில் டொகுஜி உட்சு என்ற இன்னொரு ஜப்பானிய ஆய்வாளர் `(t + c)` மேல் `p` என்றொரு அடுக்கைச் சேர்த்தார். அந்த `p` இடத்துக்கு இடம் சற்று மாறும், ஆனால் பெரும்பாலும் 1ஐச் சுற்றியே நிற்கும். அதனால் நாம் இங்கே 1 என்றே வைத்துக்கொள்ளலாம்.

சூத்திரம் சொல்வதைப் பேச்சில் சொன்னால்: பத்து மடங்கு நாள் கழிந்தால் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

எண் போட்டுப் பார்த்தால்தான் இது மனதில் நிற்கும். நேபாளத்தில் ஏறக்குறைய 13 மாதங்களில், அளவு 4ம் அதற்கு மேலும் உள்ள பின்னதிர்வுகள் 460க்குப் பக்கத்தில் பதிவாகியிருந்தன. இந்த மொத்தத்துக்குத் தோராயமாகப் பொருந்தும்படி `K` 60 என்று நானே வைத்துக்கொள்கிறேன். (நிஜமான தினசரிப் பட்டியல் இவ்வளவு வழவழப்பாக இருக்காது. மே 12க்குப் பிறகு ஒரு மேடு இருக்கும். இது கணக்குப் புரிவதற்கான மாதிரி.) முதல் நாள் முடிகிற நேரத்தில் நாளுக்கு 60 என்ற வேகம். பத்தாம் நாள், நாளுக்கு 6. நூறாம் நாள் 0.6, அதாவது ஐந்து நாளைக்கு மூன்று. ஆயிரமாவது நாள், 17 நாளைக்கு ஒன்று.

முதல் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவே 60 என்பது 6 ஆகிவிடுகிறது. மக்கள் உணர்வது இந்த வேகமான இறக்கத்தைத்தான். அதே வேகத்தில் போனால் அடுத்த பத்து நாளில் ஒன்றுமே இருக்காது என்று மனசு கணக்குப் போடும். அப்படி நடப்பதில்லை. இருபதாம் நாளிலும் நாளுக்கு 3 இருக்கும். முதலில் செங்குத்தாக இறங்கி, அப்புறம் நீண்ட வாலாக இழுத்துக்கொண்டே போகும் கோடு இது.

வேறொரு வகைத் தேய்வோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு நாளும் பாதியாகக் குறைகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: 60, 30, 15, 7.5 என்று. பதினோராம் நாளில் அது 0.06க்கு வந்துவிடும். கதிரியக்கப் பொருட்கள் இப்படித்தான் தேய்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு அரை ஆயுள் இருக்கிறது. பின்னதிர்வுகளுக்கு அரை ஆயுள் கிடையாது. முதல் நாளில் இருந்த எண்ணிக்கை பாதியாக ஒரு நாள் போதும், பத்தாம் நாளில் இருப்பது பாதியாக இன்னும் பத்து நாள் வேண்டும், நூறாம் நாளில் இருப்பது பாதியாக இன்னும் நூறு நாள். தொடருக்கு வயதாக ஆக அதன் தேய்வும் மந்தமாகிறது.

இதிலிருந்து வரும் ஒரு விளைவு எனக்கு முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை. முதல் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை வந்த பின்னதிர்வுகள் எத்தனையோ, கிட்டத்தட்ட அத்தனையே பத்தாம் நாளிலிருந்து நூறாம் நாள் வரையும் வரும். நூறிலிருந்து ஆயிரம் வரை இன்னொரு முறை அத்தனை. நம் மாதிரியில் ஒவ்வொரு கட்டத்திலும் சுமார் 138. வேகம் பத்தில் ஒன்றாகிறது, ஆனால் காலம் பத்து மடங்கு நீள்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகிறது.

ஏன் இப்படி? பல்லக்குக்குத் திரும்புவோம். பாறையில் ஒரு விசித்திரம் உண்டு. உடையும் நிலையிலிருந்து ஓர் இடம் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அந்த விலக்கம் ஒரு படி கூடினால் தாங்கும் நேரம் ஒரு படி கூடுவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. ஒரு படிக்குப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் இருப்பவை பத்து நாளுக்குள் விழும், அடுத்த படியில் இருப்பவை நூறு நாளுக்குள், அதற்கடுத்தவை ஆயிரம் நாளுக்குள். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இடங்கள் இருந்தால், ஒவ்வொரு பத்து மடங்குக் காலத்திலும் ஒரே எண்ணிக்கையில் அதிர்வுகள் வரும். ஒமோரியின் சூத்திரம் சொல்வதும் அதுவே. நிஜத்தில் உராய்வு, நடுக்கத்துக்குப் பிறகும் பிளவு மெதுவாக நகர்ந்துகொண்டிருப்பது, பாறை இடுக்கில் ஓடும் நீர் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஆனால் அடிப்படைக் காரணம் இந்தப் பெருக்கல்தான்.

அளவு குறைவதில்லை

சரி, எண்ணிக்கை குறைகிறது. அளவு?

பெரிய நடுக்கத்துக்குப் பிறகு வருபவை நாளாக ஆகச் சின்னதாகிக்கொண்டே போகும் என்பது பரவலான நம்பிக்கை. அது தப்பு. அளவுகளின் கலவை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. நேபாளத்தின் அந்த 13 மாதக் கணக்கில் 4க்கு மேல் சுமார் 460, அவற்றில் 5க்கு மேல் சுமார் 50, 6க்கு மேல் 5. ஒவ்வோர் அளவுப் படியிலும் பத்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. உலகம் முழுக்க நடுக்கங்களில் தெரியும் இந்த விகிதத்துக்கு குட்டன்பெர்க்–ரிக்டர் விதி என்று பெயர். பையில் நூறு சின்னக் கோலியும் பத்துப் பெரிய கோலியும் ஓர் இரும்புக் குண்டும் கலந்து கிடக்கின்றன என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறீர்கள். முதல் நாள் அறுபது முறை கை விடுகிறீர்கள், பத்தாம் நாள் ஆறு முறை. கை விடுவது குறைந்திருக்கிறது. பைக்குள் இருப்பது மாறவில்லை.

இந்த இரண்டு விதிகளையும் சேர்த்தால் நிலநடுக்க ஆய்வு மையங்கள் வெளியிடும் முன்கணிப்பு எப்படி வருகிறது என்று நாமே போட்டுப் பார்க்கலாம். 4க்கு மேற்பட்டவற்றுக்கு `K` 60 என்றால், 6க்கு மேற்பட்டவற்றுக்கு அதில் நூறில் ஒரு பங்கு, 0.6. நாள் `t1` முதல் `t2` வரை எதிர்பார்க்கும் எண்ணிக்கை `N`, அதில் ஒன்றாவது வரும் வாய்ப்பு `P`; `ln` என்பது இயல் மடக்கை, `e` அதன் அடி எண்:

```
N = 0.6 × ln(t2 / t1)
P = 1 − e^(−N)
```

முதல் நாள் முடிந்ததும் அடுத்த ஒரு வாரத்துக்கு (1 முதல் 8 வரை) `N` 1.25. வாய்ப்பு 71 சதவீதம். பத்தாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு `N` 0.32, வாய்ப்பு 27 சதவீதம். நூறாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு 4 சதவீதம். 7க்கு மேற்பட்டதற்கு `N`ஐ இன்னொரு முறை பத்தால் வகுக்க வேண்டும். பத்தாம் நாளிலிருந்து பதினேழாம் நாள் வரை அதற்கு வாய்ப்பு சுமார் 3 சதவீதம்.

மூன்று சதவீதம் என்பது குறைவுதான். ஆனால் மே 12 நடந்தது அந்த மூன்று சதவீதத்துக்குள்தான்.

பின்னதிர்வுகளில் பெரியது எவ்வளவு இருக்கும் என்பதற்கு இன்னொரு வழக்கக் கணக்கும் உண்டு. முதன்மை நடுக்கத்தைவிட அது சராசரியாக 1.2 குறைவாக இருக்கும். போத் விதி என்பார்கள், சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஒருவர் பெயரால். 7.8இலிருந்து 1.2 கழித்தால் 6.6. நேபாளத்தில் ஏப்ரல் 25 அன்றே, அரை மணி நேரத்தில் 6.6 ஒன்று வந்தது. மறுநாள் 6.7. இவற்றைப் பார்த்து, பெரியது வந்து போய்விட்டது என்று சொல்லியிருந்தால் விதியும் பக்கபலமாக நின்றிருக்கும். கடைசியில் 7.3 வந்து, வித்தியாசம் 0.5 ஆகிவிட்டது. சராசரி என்பது சராசரிதான், அது யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை.

மே 12 இன்னொன்றையும் காட்டியது. அது வந்த அரை மணி நேரத்தில் 6.3 அளவுள்ள வேறொரு நடுக்கம் வந்தது. அதாவது பின்னதிர்வே தன் பங்குக்குப் பின்னதிர்வுகளைப் பெற்றது. பதினேழாம் நாளில் தேய்ந்துபோயிருந்த எண்ணிக்கை சட்டென்று ஏறி, அந்தப் புதிய நடுக்கத்தின் கடிகாரம் மீண்டும் முதல் நாளிலிருந்து ஓடத் தொடங்கியது. டோலாகாவில் இருந்தவர்களுக்கு அன்றுதான் முதல் நாள். இன்றைய கணிப்பு மாதிரிகள் ஒவ்வோர் அதிர்வுக்கும், சின்னதாக இருந்தாலும், தனித்தனி ஒமோரிக் கோடு போட்டு எல்லாவற்றையும் கூட்டுகின்றன. ஒரே கோடு போதும் என்பது நம்மைப் போல் கையால் கணக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும்.

முதல் மணி நேரம் ஏன் நம்ப முடியாதது

இப்போது `c`க்கு வருவோம். சூத்திரத்தில் அது இல்லாவிட்டால் `t` பூஜ்யமாகும்போது எண்ணிக்கை எல்லையில்லாமல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் `c`. ஆனால் அது பாறையின் குணமா, நம் கருவியின் குறையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. காரணம் எளிது. 7.8 நடுக்கத்தின் அலைகள் கருவியின் கோட்டை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும்போது, அதன் நடுவே வரும் அளவு 4 அதிர்வு கண்ணுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் மைக் அலறும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது கேட்காததுபோல. மின்சாரம் போய்ச் சில நிலையங்கள் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே முதல் சில மணி நேரத்து எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே பதிவாகும்.

இதைக் கண்டுபிடிக்க முன்னே சொன்ன பத்துக்கு ஒன்று விகிதமே உதவும். முதல் மணி நேரப் பட்டியலில் 5க்கு மேல் நான்கு இருக்கிறது, 4க்கும் 5க்கும் இடையில் வெறும் ஆறுதான் இருக்கிறது என்றால், பூமி விதியை மீறிவிடவில்லை. முப்பது அதிர்வுகளை நாம் தவறவிட்டிருக்கிறோம். மாதங்கள் கழித்து அலைப்பதிவுகளைத் திரும்ப அலசும்போது அவற்றில் பல கிடைக்கும். அதனால்தான் ஒரே நடுக்கத்துக்கு, செய்தியில் ஒரு எண்ணிக்கையும் ஆய்வுக் கட்டுரையில் பல மடங்கு பெரிய எண்ணிக்கையும் இருக்கும். எந்த அளவுக்கு மேல் எண்ணினார்கள் என்று சொல்லாமல் வெறுமனே “இரண்டாயிரம் பின்னதிர்வுகள்” என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னதிர்வு என்று சொல்லும்போதே, பெரியது முன்னால் வந்து முடிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். 2016 ஏப்ரல் 14 இரவு ஜப்பானின் குமமோட்டோவில், ஜப்பானிய அளவுமுறைப்படி 6.5 நடுக்கம் வந்தது. இனி வருபவை பின்னதிர்வுகள் என்றே அறிவிப்பும் வந்தது. ஏப்ரல் 16 அதிகாலை 7.3 வந்தது. முதலில் வந்ததுதான் முன்னதிர்வு என்று அதற்கப்புறம் பெயர் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு ஜப்பான் வானிலை முகமை, பெரிய நடுக்கத்துக்குப் பின் தரும் எச்சரிக்கையில் பின்னதிர்வு என்ற சொல்லைத் தவிர்த்து, அதே அளவு நடுக்கம் மீண்டும் வரலாம் என்று சொல்லத் தொடங்கியது. பொதுவாக இருபதில் ஒரு முறைபோல இப்படிப் பின்னால் வருவது பெரிதாகிவிடுகிறது. பையில் கை விடும்போது முதலில் எடுத்ததைவிடப் பெரிய குண்டு கையில் சிக்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நம் கடற்கரைக்காரர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. 2004 டிசம்பர் 26 சுமத்ரா நடுக்கம் நடந்து மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவு, பக்கத்து நியாஸ் தீவருகே 8.6 அளவில் ஒன்று வந்தது. தமிழ்நாட்டுக் கரையோரக் கிராமங்களில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக மேட்டுக்கு ஓடினார்கள். நம் கரைக்குப் பெரிய அலை வரவில்லை. டிசம்பரில் உடைந்த துண்டுக்குத் தெற்கே ஒட்டியிருந்த துண்டு அது. அதைப் பின்னதிர்வு என்பதா, தூண்டப்பட்ட தனி நடுக்கம் என்பதா என்று கேட்டால் ஆய்வாளர்களே இரண்டு விதமாகவும் சொல்வார்கள். தொண்ணூறு நாள் கழித்து பாரம் இறங்கிய தோள் என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாக, எப்போது நிற்கும்? காத்மாண்டு மைதானத்தில் அதிகம் கேட்கப்பட்டிருக்கக்கூடிய கேள்வி இதுவாகத்தான் இருக்கும். சூத்திரத்தில் முடிவு நாள் என்று ஒன்று இல்லை. நம் மாதிரியில் ஓராண்டு முடிவில் ஆறு நாளைக்கு ஒன்று, பத்தாண்டு முடிவில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. இமயமலை அடிவாரம் சும்மாவே அவ்வப்போது ஆடும் இடம். பின்னதிர்வுகளின் வேகம் அந்த வழக்கமான ஆட்டத்துக்குக் கீழே இறங்கும்போது, எது பின்னதிர்வு எது புதியது என்று பிரிக்க முடியாமல் போகும். அங்கே தொடர் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஆகும் காலம் இடத்தைப் பொறுத்தது. தட்டுகள் வேகமாக நகரும் எல்லைகளில் சில ஆண்டுகள், தட்டின் நடுப்பகுதியில் அதைவிட மிக நீளம்.

ஒமோரி தொடங்கிய இடத்தில் அது இன்னும் நீளமாகவே போயிற்று. கீபூவில் உணரப்பட்ட நடுக்கங்களை அவருக்குப் பின்னும் எண்ணிக்கொண்டே வந்தார்கள். நூறாண்டுப் பதிவை உட்சுவும் அவர் சகாக்களும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தபோது, இளைஞர் ஒமோரி 1890களில் போட்ட கோட்டை ஒட்டியே அது இறங்கிக்கொண்டிருந்தது.